கடைசியில் மிஞ்சும் 12 செ.மீ. சதுரம் முழுத் தரைக்கும் எப்படிப் பொருந்துகிறது?

கேள்வி: 456 செ.மீ. நீளம், 324 செ.மீ. அகலம் உள்ள தரைக்கு, வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுர டைல் 12 செ.மீ. என்று மீப்பெரு பொது வகுத்தி, அதாவது மீ.பொ.வ. கணக்கில் வருகிறது. பெரிய சதுரங்களாக வெட்டிக்கொண்டே போகும் படத்தையும் பார்த்தேன். அதில் 12 கடைசி மூலையில் மட்டும்தான் வருகிறது. அந்த மூலைக்குப் பொருந்தியது முழுத் தரைக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நிஜத் தரையில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகுமா?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூலையில் கிடைத்தது முழுத் தரைக்கும் பொருந்துமா என்பது எண்களைப் பற்றியது. அதற்குச் சந்தேகத்துக்கே இடமில்லாத பதில் உண்டு. நிஜத் தரை என்று வந்துவிட்டால் அளவு நாடா, கோணலான சுவர், டைல்களுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். அங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இருபது ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டு அறையை அளந்து இதே கணக்கைப் போட்டு அசடு வழிந்த அனுபவமும் இருக்கிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் படத்தை உங்கள் எண்களோடு ஒருமுறை நடத்திப் பார்ப்போம். 456 × 324 தரையின் ஒரு முனையை ஒட்டி 324 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டுகிறோம். மிஞ்சுவது 132 × 324 பட்டை. அந்தப் பட்டையில் 132 சதுரம் இரண்டு எடுக்கலாம். 60 × 132 மிஞ்சும். அதில் 60 சதுரம் இரண்டு எடுத்தால் 12 × 60 மிஞ்சும். அதில் 12 சதுரம் சரியாக ஐந்து. அதற்கு மேல் எதுவும் இல்லை. நான்கு அளவுகளில் மொத்தம் பத்துச் சதுரங்கள். வகுத்தலாக எழுதினால் இதே கதைதான்: 456-ஐ 324-ஆல் வகுக்க மீதி 132, 324-ஐ 132-ஆல் வகுக்க மீதி 60, 132-ஐ 60-ஆல் வகுக்க மீதி 12, 60-ஐ 12-ஆல் வகுக்க மீதி 0. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதிவைத்த முறை இதுதான். ஒவ்வொரு சதுரத்தை வெட்டுவதும் ஒரு கழித்தல். ஒரே அளவுச் சதுரங்களை எத்தனை முறை வெட்டுகிறோமோ அதுதான் ஈவு.

உங்களுக்கு இடறுகிற இடம் எதுவென்று எனக்குப் புரிகிறது. வகுப்பில் கேட்கத் தெரிந்த மாணவர்கள் எல்லாருமே இங்கேதான் நிற்பார்கள். வெட்டி எடுத்த பெரிய சதுரங்களை நாம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போகிறோம். ஒதுக்கியவற்றுக்குள்ளும் 12 பொருந்துகிறதா என்று எங்கேயும் சோதிக்கவில்லை. சோதிக்காமலே எப்படித் தெரியும்?

ஏதோ ஒரு டைல் இருக்கிறது, அதன் பக்கம் என்னவென்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 456-க்கும் மிச்சமில்லாமல் பொருந்துகிறது, 324-க்கும் பொருந்துகிறது. 456 நீளத்தில் டைல்களை வரிசையாக வைத்தால், 324 முடியும் இடத்தில் ஒரு டைலின் விளிம்பு வந்து நிற்கும், ஏனென்றால் 324-க்கும் அது முழு எண்ணிக்கையில் பொருந்துகிறது. அந்த விளிம்பில் தொடங்கி 456 வரைக்கும் மறுபடி முழு டைல்கள்தான். ஆகவே மிஞ்சிய 132-க்கும் அது பொருந்தித்தான் ஆக வேண்டும். இதைத் திருப்பியும் சொல்லலாம். ஒரு டைல் 132-க்கும் 324-க்கும் பொருந்தினால், இரண்டையும் முனையோடு முனை சேர்த்த 456-க்கும் பொருந்தும். அதாவது பெரிய தரைக்குப் பொருந்தும் டைல்களின் பட்டியலும் மிஞ்சிய பட்டைக்குப் பொருந்தும் டைல்களின் பட்டியலும் ஒன்றேதான். ஒரு டைல்கூட புதிதாகச் சேராது, ஒன்றும் விட்டுப்போகாது.

இது அடுத்த வெட்டுக்கும் பொருந்தும், அதற்கடுத்ததற்கும் பொருந்தும். கடைசியில் நம் கையில் இருப்பது 12 × 60 பட்டை. 12 அகலப் பட்டைக்கு 12-ஐ விடப் பெரிய டைல் நுழையவே நுழையாது. 12 டைலோ 60-க்கும் பொருந்துகிறது. எனவே இந்தப் பட்டைக்கு மிகப் பெரியது 12. பட்டியல் மாறவே இல்லை என்பதால் முழுத் தரைக்கும் மிகப் பெரியது 12. மூலையில் கிடைத்த விடை முழுத் தரைக்கும் செல்லுபடியாகும் காரணம் இவ்வளவுதான். கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றால் கீழிருந்து மேலே ஏறுங்கள். 60-இல் ஐந்து 12. 132 என்பது இரண்டு 60-உம் ஒரு 12-உம், ஆக 11. 324 என்பது இரண்டு 132-உம் ஒரு 60-உம், ஆக 22-உம் 5-உம் சேர்ந்து 27. 456 என்பது 324-உம் 132-உம், ஆக 38. தரை முழுக்க 38 × 27, மொத்தம் 1026 டைல்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். படத்தில் பத்துச் சதுரங்களே இருக்க, பதில் ஏன் 1026 என்று சிலர் கேட்பார்கள். பத்துச் சதுரங்கள் வெவ்வேறு அளவு, நமக்கு வேண்டியது எல்லாம் ஒரே அளவு. "எந்த அளவானாலும் சரி, எத்தனை குறைந்த சதுரங்களால் தரையை நிரப்பலாம்" என்பது வேறு கணக்கு. அதற்கு இந்த வெட்டும் முறை எப்போதும் சிறந்த விடை தருவதும் இல்லை. 6 × 5 தரையை எடுத்துப் பாருங்கள். வெட்டிக்கொண்டே போனால் ஒரு 5 சதுரம், ஐந்து 1 சதுரங்கள், மொத்தம் ஆறு. ஆனால் இரண்டு 3 சதுரங்களை நீளவாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று 2 சதுரங்களை மேலே அடுக்கினால் ஐந்திலேயே முடிந்துவிடும். இந்த முறைக்குத் தெரிந்த வேலை மிகப் பெரிய சம அளவைக் கண்டுபிடிப்பது மட்டும்தான். அந்த வேலையில் அது தவறுவதில்லை.

இன்னும் இரண்டு ஓட்டைகளை அடைத்துவிட்டால் எண் பக்கம் முடிந்தது. 12.5 மாதிரி பின்ன அளவுள்ள டைல் ஏதாவது 12-ஐ மீறிப் பொருந்திவிடுமா? பொருந்தாது. எந்த டைலாக இருந்தாலும் நீளத்தில் உள்ள எண்ணிக்கைக்கும் அகலத்தில் உள்ள எண்ணிக்கைக்கும் 456-க்கு 324 என்ற அதே விகிதம் இருக்க வேண்டும். சுருக்கினால் அது 38-க்கு 27. இதற்கு மேல் சுருங்காது. முழு எண்ணிக்கையில் இதைவிடக் குறைவாக வைக்க வழியில்லை, ஆகவே டைலும் இதைவிடப் பெரிதாக முடியாது. கட்டமாக அடுக்காமல் வேறு விதமாக அடுக்கித் தப்பிக்கலாமா என்றால் அதுவும் நடக்காது. தரையின் மூலையை வெட்டாத ஒரு டைல் மூட வேண்டுமென்றால் அது மூலையோடு மூலை ஒட்டித்தான் உட்கார வேண்டும். அதற்கும் சுவருக்கும் நடுவே புதிதாக ஒரு மூலை உருவாகும், அங்கேயும் இதே கதை. இப்படியே போனால் சுவரோரம் ஒரு வரிசை முழு டைல்களாக நிற்கும். ஆகவே நீளமும் அகலமும் டைலின் முழு மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

சரி, இனி நிஜத் தரைக்கு வருவோம். மேலே சொன்னதெல்லாம் 456-உம் 324-உம் துல்லியமான முழு எண்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டி 457 × 324 என்று வைத்துப் பாருங்கள். மீதிகள் 133, 58, 17, 7, 3, 1 என்று இறங்கும். மீ.பொ.வ. 1. தரை ஒரு விரற்கடைகூட மாறவில்லை, டைல் மட்டும் 12 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ.க்கு விழுந்துவிட்டது. எண்ணிக்கை 1026-லிருந்து 1,48,068-க்குத் தாவிவிட்டது. இது ஏதோ அபூர்வமான எண் என்று நினைக்க வேண்டாம். பெரிய எண்களில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டைப் பொறுக்கினால், அவற்றுக்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாமல் போக ஏறக்குறைய 61 சதவீத வாய்ப்பு உண்டு. பாடப் புத்தகக் கணக்குகளில் அழகான விடை வருவது, அந்த எண்களை விடையிலிருந்து பின்னோக்கி உருவாக்குவதால்தான்.

மில்லிமீட்டரில் அளந்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் நிலைமை இன்னும் மோசமாகிறது. என் அறையின் அளவுகள் வேறு, ஆனால் நடந்தது இதேதான் என்பதால் உங்கள் எண்களிலேயே காட்டுகிறேன். உண்மையான தரை 4560 × 3240 மி.மீ. அளக்கும்போது நீளத்தில் 1 மி.மீ. கூடி, அகலத்தில் 1 மி.மீ. குறைந்து, 4561 × 3239 என்று குறித்துக்கொண்டோம் என்று வைப்போம். முதல் மீதி 1320-க்குப் பதில் 1322. அடுத்தது 600-க்குப் பதில் 595. அதற்கடுத்தது 120-க்குப் பதில் 132. இப்போது 595-இல் 132 ஐந்து முறை போய்ப் பட்டை தீர்ந்துபோக வேண்டும். போகவில்லை, 65 மி.மீ. பற்றாமல் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் தவறு நாலே வெட்டில் அரை டைலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. இந்த 65 எங்கிருந்து வந்தது தெரியுமா? 38-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாருங்கள். வெட்டி வெட்டிக் கழிக்கும்போது நீளத்தை 27 முறையும் அகலத்தை 38 முறையும் ஒன்றுக்கெதிராக ஒன்று வைத்துக் கழிக்கிறோம். அவற்றிலுள்ள தவறும் அத்தனை முறை பெருகிவிடுகிறது. டைல் எண்ணிக்கை எவ்வளவு பெரிதோ, அளவு நாடாவின் பிழையும் அவ்வளவு பெருகும்.

ஆனால் இதே உதாரணத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தவறான அளவுகளையே 38 ஆகவும் 27 ஆகவும் பங்குபோடுங்கள். 4561-ஐ 38-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 120.03. 3239-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 119.96. டைலுக்கு டைல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. 120 மி.மீ. டைல் அங்கே தாராளமாக உட்காரும். மீ.பொ.வ. என்ற எண்தான் நொறுங்கிப்போனது, கட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நிஜ அளவுகளோடு வேலை செய்யும்போது "மிகப் பெரிய பொது வகுத்தி எது" என்று கேட்காமல், "இந்த இரண்டு நீளங்களும் ஏறக்குறைய எந்தச் சின்ன முழு எண்களின் விகிதத்தில் இருக்கின்றன" என்று கேட்பதுதான் சரி. அதற்கும் இதே வெட்டும் முறை உதவுகிறது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இடைவெளி விஷயத்தைப் பார்த்துவிடுவோம். டைல்களை ஒட்ட ஒட்டப் பதிப்பதில்லை. நடுவே ஸ்பேசர் வைத்துச் சில மில்லிமீட்டர் விட்டு, பிறகு கிரவுட் போட்டு நிரப்புவார்கள். இதைக் கணக்கில் சேர்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு வரிசையில் டைல்களைவிட இடைவெளிகள் ஒன்று குறைவு. ஆகவே நீளத்தோடு ஓர் இடைவெளியைச் சும்மா கூட்டிவிட்டால், டைலும் இடைவெளியும் சேர்ந்த ஜோடி அதில் முழு எண்ணிக்கையில் பொருந்தும். அகலத்துக்கும் அப்படியே. கூட்டிய இரண்டு எண்களுக்கும் மீ.பொ.வ. கண்டு, அதிலிருந்து இடைவெளியைக் கழித்தால் டைலின் அளவு. 5 மி.மீ. இடைவெளி என்றால் 4565-உம் 3245-உம். மீ.பொ.வ. 55, டைல் 50 மி.மீ. சரிபார்த்தால் 83 டைல்களுக்கு 4150, நடுவே 82 இடைவெளிகளுக்கு 410, ஆக 4560. கச்சிதம். 3 மி.மீ. என்றால் 4563-உம் 3243-உம். மீ.பொ.வ. 3. இடைவெளி 3-ஐக் கழித்தால் டைலின் அளவு பூஜ்யம்! தரை முழுக்க வெறும் கிரவுட்தான் என்கிறது கணக்கு. வகுப்பில் இதைப் போட்டுக் காட்டினால் சிரிப்பு அடங்க நேரமாகும்.

இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் மாறாத ஒன்று இதில் இருக்கிறது. இரண்டு பக்கங்களோடும் ஒரே அளவைத்தான் கூட்டுகிறோம் என்பதால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 1320 அப்படியே நிற்கிறது. டைலும் இடைவெளியும் சேர்ந்த அளவு அந்த 1320-ஐ மிச்சமில்லாமல் வகுத்தே ஆக வேண்டும். ஒரு டைல் உங்கள் தரைக்கு வெட்டாமல் பொருந்துமா என்று விரைவாகப் பார்க்க இதுவே முதல் சல்லடை. 300 மி.மீ. டைலும் 3 மி.மீ. இடைவெளியும் சேர்ந்து 303. 1320-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஆகவே வெட்டாமல் முடியாது, மேற்கொண்டு கணக்குப் போட வேண்டியதே இல்லை. மீதி வராவிட்டால் மட்டும் முழுச் சோதனைக்குப் போங்கள், ஏனென்றால் சல்லடையில் தேறியதெல்லாம் பொருந்திவிடாது.

டைல் பதிக்கிறவர்கள் மீ.பொ.வ. போடுவதில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. டைல் சில குறிப்பிட்ட அளவுகளில்தான் வருகிறது, சுவர்களும் நேர்கோணமாக இருப்பதில்லை. அவர்கள் வெட்டுவதைத் தவிர்க்கப் பார்ப்பதில்லை. வெட்டு எங்கே விழ வேண்டும் என்றுதான் பார்க்கிறார்கள். 600 மி.மீ. டைலை எடுத்துக்கொண்டு இடைவெளியை மறந்துவிட்டுச் சொன்னால், 4560 நீளத்தில் ஏழு முழு டைல்கள் போக 360 மிஞ்சும். அதை இரு முனைக்கும் பிரித்தால் 180 அகலத்தில் ஒல்லியான துண்டுகள் வரும். பார்க்க நன்றாக இருக்காது. ஆறு முழு டைல்களோடு நிறுத்தினால் மிச்சம் 960, முனைக்கு 480. அரை டைலுக்குக் குறைந்த துண்டு ஓரத்தில் வரக் கூடாது என்பது அவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். நடுக்கோடு போட்டு, அந்தக் கோட்டில் டைலின் விளிம்பை வைப்பதா, டைலின் நடுவை வைப்பதா என்று முடிவெடுப்பதிலேயே இது அடங்கிவிடுகிறது. உங்கள் தரை இந்த வகை என்றால் மீ.பொ.வ. உங்களுக்குப் பயன்படாது என்று தயங்காமல் சொல்வேன்.

டைலின் அளவை நீங்களே தீர்மானிக்க முடிகிற இடங்களில் மட்டும் இது கைகொடுக்கும். சிமென்ட் தரையில் கட்டம் கீறுவது, மரப்பலகையிலோ கல்லிலோ சொந்தமாகத் துண்டு போடுவது, தரையில் கட்டம் வரைந்து வண்ணம் தீட்டுவது மாதிரி வேலைகள். அங்கேயும் 12 செ.மீ.யில் 1026 சதுரம் யாருக்கு வேண்டும்? மேலே சொல்லாமல் விட்ட வழி இங்கேதான் வருகிறது. வெட்டிக்கொண்டே போய், மிஞ்சும் பட்டை மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடப் பொடியாகத் தெரியும் இடத்தில் நின்றுவிடுங்கள். நம் உதாரணத்தில் 60 சதுரம் இரண்டு வெட்டியதும் 12 மிஞ்சியது. அந்த 12 இல்லவே இல்லை என்று பாவித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். கடைசிச் சதுரத்தை ஒன்று என்று எண்ணினால் 132-இல் இரண்டு, 324-இல் இரண்டு இரண்டாக நான்கும் ஒன்றும் சேர்ந்து ஐந்து, 456-இல் ஐந்தும் இரண்டும் சேர்ந்து ஏழு. ஆக 7 × 5 கட்டம், மொத்தம் 35. நீளத்தை ஏழால் வகுத்தால் ஒரு கட்டம் 65.14 செ.மீ., அகலத்தை ஐந்தால் வகுத்தால் 64.8 செ.மீ. கறாராகப் பார்த்தால் சதுரமில்லை, இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். அறுபத்தைந்து சென்டிமீட்டர் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கீறும் கட்டத்திலோ வண்ணத்திலோ நான் இதைத் தாராளமாக ஏற்பேன். பலகையோ கல்லோ என்றால் துண்டுகளை 64.8-க்கே சதுரமாக வெட்டிக்கொண்டு, நீளவாட்டில் மிஞ்சும் 2.4 செ.மீ.யை ஆறு இடைவெளிகளுக்கும் தலா 4 மி.மீ. என்று பிரித்துவிடலாம். அகலவாட்டில் இடைவெளியே இருக்காது. இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டுமென்றால் துண்டைக் கொஞ்சம் சிறிதாக்க வேண்டும், அப்போதும் நீளவாட்டு இடைவெளி சற்று அகலமாகத்தான் தெரியும். எதற்கும் வெட்டுவதற்கு முன்னால் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். அவை சமமாக இல்லையென்றால் தரை செவ்வகமே இல்லை, அப்போது இந்த மூன்றரை மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்படுவதிலும் அர்த்தமில்லை.